கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

கேள்வி: மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. சீனியர் அக்கா ஒரு வேலை முடிவதற்குள் அடுத்ததைத் தந்துவிடுகிறார். இன்னொரு சீனியர் அண்ணாவும் தருகிறார். எல்லாவற்றுக்கும் "சரிக்கா", "சரிண்ணா" என்றுதான் வாயில் வருகிறது. போன மாதம் ஒரு கிளையன்டின் ஜிஎஸ்டி மாத ரிட்டர்னான 3பியின் தேதி தாண்டிவிட்டது. முடியாது என்றால் சோம்பேறி என்று நினைப்பார்களோ?
— வாசகி, திருநகர்

பதில்: "முடியாது" என்ற சொல்லே வேண்டாம்மா. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பது அக்காவுக்குப் பாதிதான் தெரியும், அண்ணாவுக்கு மீதிப் பாதி. முழுக் கணக்கும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அதை மணிக்கணக்கில் எடுத்து வைப்பதுதான் நேர்மையான பதில்.

இந்த நெருக்கடி மாதத்தின் நடுவில்தான் வருகிறது. சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி பட்டியல் 14ஆம் தேதி வருகிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 3பி கடைசி நாள் 20. கொள்முதல் பில்களை 2பியோடு ஒப்பிடும் வேலை முழுக்க இந்த ஆறு நாளுக்குள் அடைபடுகிறது. அதனால் 15ஆம் தேதி காலையிலேயே ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எத்தனை கிளையன்ட் என்று எண்ணினால் ஏமாந்துபோவீர்கள், எத்தனை பில் என்று எண்ணுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தேதி 16 காலை. 20ஐ தாக்கலுக்கும், கிளையன்டிடமிருந்து ஓடிபி வாங்குவதற்கும், போர்ட்டல் மெதுவாவதற்கும் விட்டுவிடுங்கள். மிச்சம் நான்கு நாள். போன், ஜெராக்ஸ், வெளி வேலை போக நாளுக்கு உருப்படியாகக் கிடைப்பது ஆறு மணி நேரம், ஆக 24. கையில் இருப்பது: சின்னக் கடைகள் ஐந்து, தலா ஒன்றரை மணி, ஏழரை. விளக்குத்தூண் ஜவுளிக்கடை, 300 பில், ஐந்து மணி. கீழ மாசி வீதி மளிகை மொத்த வியாபாரி, நான்கு மணி. அண்ணா கொடுத்த பேங்க் ஸ்டேட்மென்ட் டேலி என்ட்ரி, ஆறு மணி. கூட்டினால் இருபத்திரண்டரை. இப்போது அக்கா ஐந்து மணி நேரம் பிடிக்கும் லெட்ஜர் சரிபார்ப்பு ஒன்றைத் தருகிறார். மூன்றரை மணி நேரம் துண்டு விழுகிறது.

அந்த நிமிடமே, தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "செய்றேன்க்கா. 19 வரைக்கும் எனக்கு 24 மணி நேரம் இருக்கு, இருபத்திரண்டரை மணி வேலை ஏற்கனவே கையில இருக்கு. இதுக்கு அஞ்சு மணி ஆகும். அண்ணா தந்த டேலி என்ட்ரியை 21க்குத் தள்ளினா இதை முடிச்சிரலாம். நீங்க அண்ணாகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களாக்கா?"

எதைத் தள்ளலாம் என்று நீங்களே சொல்வது முக்கியம். அந்த என்ட்ரிக்குச் சட்டப்படியான கெடு கிடையாது. 3பிக்கு உண்டு: தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரி ஏதுமில்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய், ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. அண்ணாவிடம் பேசும் பொறுப்பை அக்காவிடமே விடுவதும் முக்கியம். இரண்டு சீனியர்களுக்கு நடுவில் எந்த வேலை முந்தி என்று ஜூனியர் தீர்ப்பு சொன்னால் மனத்தாங்கலில்தான் முடியும். பேசி முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "அக்கா, நீங்க சொன்னபடி லெட்ஜர் 19 மாலை, டேலி என்ட்ரி 21 மாலை."

"கொஞ்சம் வேலை இருக்குக்கா" என்று மட்டும் சொன்னால் எடுபடாது; அக்காவுக்கும் கொஞ்சம் வேலை இருக்கத்தான் செய்யும். மணிக்கணக்கை ஊதிச் சொல்லாதீர்கள். அந்த வேலையை அவர் நூறு தடவை செய்தவர், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு வாரம் ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தை நோட்டில் குறித்தால் உங்கள் கணக்கு தானாகவே சரியாகும்.

"எல்லாமே வேணும்" என்று அக்கா சொன்னால், "சின்னக் கடை ரெண்டை இன்னொரு ஆர்ட்டிகிள்கிட்ட கொடுக்கலாமாக்கா?" என்று கேளுங்கள். அதில் மூன்று மணி நேரம் குறையும். மிச்ச அரை மணி ஒரு மாலையில் கூடுதலாக உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். துண்டு விழும் நேரம் முழுவதையும் ராத்திரி கண்விழித்து ஈடுகட்டுகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் ஒப்பிடும்போது கிரெடிட் நோட் கண்ணில் படாது. 0125 என்றும் 125 என்றும் பதிவான ஒரே பில் இரண்டு பில்லாகத் தெரியும். உள்ளீட்டு வரி கூடுதலாக எடுக்கப்பட்டு, மாதங்கள் கழித்து நோட்டீஸாக வந்து நிற்கும். அக்காவால் முடிவெடுக்க முடியாவிட்டால், அவரோடு சேர்ந்தே அதே தாளோடு ஆடிட்டர் சாரைப் பாருங்கள். அக்காவைத் தாண்டிப் போகாதீர்கள். அதையும் 17ஆம் தேதிக்குள் செய்துவிடுங்கள். 19 மாலையில் சொன்னால் வேலையை மாற்றிக் கொடுக்க சாருக்கு ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது.