பின்னிணைப்பில் ஒளிந்த லாக்-இன்

“கட்சிக்காரரின் கடை வாடகை ஒப்பந்தத்தை ஏஐ மென்பொருளில் போட்டேன். 3 மாத நோட்டீஸ் கொடுத்தால் காலி செய்யலாம் என்றது. ஆனால் பின்னிணைப்பில் 36 மாத லாக்-இன் இருக்கிறது. எப்படித் தவறியது?”

சார், அந்தப் பின்னிணைப்பு ஸ்கேன் செய்து சேர்த்த பக்கமா என்று முதலில் பாருங்கள். பிடிஎஃப்பைத் திறந்து அதில் ஒரு வரியை மவுஸால் இழுங்கள். எழுத்து தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். சில மென்பொருள்கள் அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். எனக்கும் இப்படி ஒருமுறை நடந்தது. சுருக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை!

எழுத்து தேர்வானால், நோட்டீஸ் பிரிவின் தொடக்கத்தைப் படியுங்கள். `subject to Schedule` என்று இருக்கலாம். மென்பொருள் பிரிவைப் பிடித்துவிட்டு, அது கைகாட்டும் பின்னிணைப்பை விட்டிருக்கலாம்.

மாத வாடகை 80,000 என்று வையுங்கள். கட்சிக்காரர் 14ஆம் மாத முடிவில் காலி செய்தால், மீதி 22 மாதத்துக்கு 17,60,000 ரூபாய் கேட்டு நோட்டீஸ் வரலாம். முழுதும் கிடைக்குமா என்பது வேறு வழக்கு.

நான் இப்போது `subject to`, `notwithstanding` இரண்டையும் தேடி, பின்னிணைப்புகளைக் கண்ணால் படிக்கிறேன். இருபது நிமிடம் ஆகும். அப்படியும் பாதி நேரம் மிச்சம்தான்.