48 பேரில் 27 பேர்

அன்புள்ள அண்ணனுக்கு,

குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். சென்னையில் இருக்கும் நம்மூர் டாக்டர் ஒருவர் ஓராண்டுச் செலவைக் கொடுத்தார், மார்ச்சோடு முடிகிறது. ஜூனில் 48 பேர் சேர்ந்தார்கள், அப்போது 5 பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசித்தார்கள். இப்போது மிச்சமிருக்கும் 36 பேரில் அந்த 5 பேரையும் சேர்த்து 27 பேர் வாசிக்கிறார்கள். 75 சதவீத வெற்றி என்று சொல்லி, நேரில் பார்க்க நேரம் கேட்டு எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

எழுதுங்கள், ஆனால் அந்த 75 வேண்டாம். பாதியில் நின்றுபோன 12 பேரை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு அது, அவர் கொடுத்த பணம் 48 பேருக்கும் சேர்த்துத்தான். சந்திப்பில் "சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?" என்று அவர் கேட்டுவிட்டால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் சந்தேகத்தோடுதான் கேட்பார். 48 பேரில் முன்பு 5, இப்போது 27, புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்கள் 22 என்று எழுதுங்கள், அதுவே நல்ல பலன்தான்.

அந்த 12 பேர் எங்கே போனார்கள் என்று இப்போதே வீடுவீடாகக் கேட்டுவிடுங்கள். அப்பா கொச்சிக்குத் தொழிலுக்குப் போக, குடும்பமும் கூடப் போனதென்றால் உங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. வகுப்பு நேரம் ஒத்துவராமல் நின்றிருந்தால் அடுத்த வருடம் மாற்றலாம், அவரிடம் பேச வேண்டிய விஷயமே அதுதான். அப்புறம், பள்ளியிலும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது, முன்னேற்றம் முழுவதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

பணம் கேட்கப்போவதை மறைத்து "சும்மா பார்க்க வருகிறோம்" என்று போவது எனக்குப் பிடிக்காத வழக்கம். ஏமாற்றிவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றும். ஜனவரியிலேயே, ஏறக்குறைய இப்படி எழுதுங்கள்:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, நீங்கள் உதவிய வகுப்பில் ஜூனில் 48 பிள்ளைகளில் 5 பேர் வாசித்தார்கள், இப்போது 27 பேர் வாசிக்கிறார்கள். 12 பேர் இடையில் நின்றுவிட்டார்கள், காரணத்தை நேரில் சொல்கிறோம். வரவுசெலவும் அடுத்த ஆண்டுக்கான தேவையும் இணைத்துள்ள ஒரு பக்கத்தில் உள்ளன. உதவியைத் தொடர்வது பற்றியும் பேச அரை மணி நேரம் வேண்டும். இம்மாதம் 20 அல்லது 22 தேதிகளில் சென்னை வரலாமா? போனில் பேசுவதுதான் வசதி என்றால் அப்படியே செய்யலாம்."

இவ்வளவு போதும். படங்கள், பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். செலவாகாமல் மிச்சப் பணம் இருந்தால் அதையும் அந்த ஒரு பக்கத்தில் தனி வரியாகக் காட்டிவிட்டு, புதிய தேவையில் கழித்துக்கொள்ளுங்கள்.

சந்திப்புக்குத் தலைவரும் செயலாளரும் மட்டும் போகவேண்டாம், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர் ஒருவரையும் கூட்டிப்போங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் போன் செய்து கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தொடர முடியாது என்று அவர் சொன்னாலும் ஜனவரியில் தெரிந்துவிட்டால் வேறு ஆளைத் தேட இரண்டு மாதம் இருக்கும், டீச்சர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.