சைக்கிள் திருட்டுக்கு இழப்பீடு கோரும் மின்னஞ்சல்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் காப்பீட்டு நிறுவனமொன்றின் இழப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்.)

கேள்வி: மேடம், 12ஆம் தேதி நூலக வாசலில் நிறுத்திய என் சைக்கிளைக் காணவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் எழுதியிருப்பது: "12ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு என் சைக்கிள் திருடப்பட்டது. பூட்டித்தான் வைத்திருந்தேன். மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறேன். விரைவில் இழப்பீடு வழங்கவும்." இது போதுமா?

பதில்: முதல் வரியே உங்களுக்கு எதிராக நிற்கும். ஆறு மணிக்குத் திருடியதை நீங்கள் பார்க்கவில்லை. ஆறு மணிக்குக் காணவில்லை என்று அறிந்தீர்கள். காவல் நிலையப் புகாரில் "நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில்" என்றும் மின்னஞ்சலில் "ஆறு மணிக்கு" என்றும் இருந்தால், கோப்பைப் படிப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். கண்ணால் கடைசியாகப் பார்த்த நேரம், இல்லை என்று கண்ட நேரம், இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். இடையில் நடந்ததை ஊகிக்க வேண்டாம்.

"பூட்டித்தான் வைத்திருந்தேன்" என்பதும் போதாது. வெளியிடத்தில் நிறுத்தும் சைக்கிளை அசையாத பொருளோடு சேர்த்துப் பூட்ட வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு. ஆகவே எந்தப் பூட்டு, அது சைக்கிளின் எந்தப் பகுதி வழியாகச் சென்றது, எதோடு பிணைத்திருந்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். மன உளைச்சலைப் பற்றிய வரி உண்மையாகவே இருக்கலாம், ஆனால் முடிவெடுப்பவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது.

கேள்வி: சரி மேடம். 4.10க்கு நிறுத்தினேன். "நூலகத்துக்கு வந்துவிட்டேன்" என்று 4.12க்கு நண்பனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். யூ வடிவப் பூட்டு. ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து வாசலின் இரும்புக் கம்பித் தடுப்போடு பூட்டினேன். 6.05க்கு வெளியே வந்தேன். பூட்டையும் காணவில்லை. இரண்டு சாவிகளும் என்னிடம் உள்ளன.

பதில்: இப்போது உங்களிடம் ஒரு நல்ல மின்னஞ்சல் இருக்கிறது. அந்தச் செய்தியின் நேரம் பெரிய துணை, ஏனெனில் அது திருட்டுக்கு முன்பே பதிவானது. எழுத்தில் இப்படி வரலாம்:

"பொருள்: சைக்கிள் திருட்டு, இழப்பீட்டுக் கோரிக்கை. பாலிசி எண் …, புகார் எண் …

வணக்கம். மேற்கண்ட பாலிசியில் காப்பீடு செய்யப்பட்ட என் சைக்கிள் 12ஆம் தேதி திருட்டுப்போனதைத் தெரிவிக்கிறேன். அன்று மாலை 4.10 மணிக்கு நூலக வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் யூ வடிவப் பூட்டால், தரையில் பதித்த இரும்புக் கம்பித் தடுப்போடு சேர்த்துப் பூட்டினேன். 6.05 மணிக்குத் திரும்பியபோது சைக்கிளும் பூட்டும் அங்கே இல்லை. பூட்டின் துண்டுகளும் கண்ணில் படவில்லை. இரண்டு சாவிகளும் என்னிடம் உள்ளன, கேட்டால் ஒப்படைக்கிறேன். வாசலில் உள்ள கேமராவின் பதிவைப் பாதுகாக்குமாறு நூலகத்துக்கு எழுத்தில் கோரியுள்ளேன். புகார் நகல், வாங்கிய ரசீது, சைக்கிளின் புகைப்படம், 4.12 மணிச் செய்தியின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். வேறு விவரம் தேவையெனில் தெரிவிக்கவும்."

கேமரா வரியை, கோரிக்கையை உண்மையாகவே அனுப்பிய பின் எழுதுங்கள். அதையும் இன்றே அனுப்பிவிடுங்கள். பழைய பதிவுகளின் மேல் புதியவை தாமாகவே பதிந்துவிடும். தடுப்பு தரையில் பதித்ததுதானா என்று நேரில் பார்த்து ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

பூட்டின் துண்டுகூடக் கிடைக்காததை நிறுவனம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நான் உறுதி கூற இயலாது. சாவிகள் இருப்பதைப் போதுமானதாக ஏற்பவர்களும் உண்டு, பூட்டு வாங்கிய ரசீதைக் கேட்பவர்களும் உண்டு.

கேள்வி: எல்லா ஆவணமும் கைக்கு வந்த பிறகே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அரைகுறையாக அனுப்பினால் தள்ளிவிடுவார்கள் என்று என் மாமா சொல்கிறார். அவர் சொல்வது சரிதானே?

பதில்: பாதி சரி. ஆவணமின்றிப் பணம் வராது என்பது உண்மை. ஆனால் தகவல் தெரிவிப்பதற்கான கெடு, பெரும்பாலும் திருட்டை நீங்கள் அறிந்த நேரத்திலிருந்தே ஓடத் தொடங்கும். அதனால் முதலில் நிகழ்வை மட்டும் எழுதி, "புகார் நகல் கிடைத்ததும் அனுப்புகிறேன்" என்று சேர்த்து அனுப்பிவிடுங்கள். மற்றவற்றை அதே மின்னஞ்சலுக்குத் தொடர்ச்சியாக அனுப்பினால் கோப்பு சிதறாது.

கேள்வி: நான் சைக்கிள் மெக்கானிக். ஃபிரேம் எண்ணைப் பற்றி யாருமே பேசவில்லையே? சைக்கிளைக் கவிழ்த்தால், பெடல் அச்சு செல்லும் குழலின் அடியில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதுதான் சைக்கிளின் அடையாளம்.

பதில்: மிக்க நன்றி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது அது. சில சைக்கிள்களில் ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள குழலிலும் இருக்கும். பெடல் கையில் வார்த்திருக்கும் எண்ணைச் சிலர் ஃபிரேம் எண் என்று எழுதிவிடுகிறார்கள். அது உதிரிபாகத்தின் எண், ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான சைக்கிள்களில் அதுவே இருக்கலாம். குறித்து வைக்காதவர்கள் வாங்கிய ரசீதிலும் பழுதுபார்த்த ரசீதிலும் தேடுங்கள். எங்கும் இல்லையெனில் "ஃபிரேம் எண் என்னிடம் இல்லை" என்று எழுதி, கேரியர் வளைந்திருந்தது, பின்பக்கச் சேறுகாப்பில் கீறல் இருந்தது போன்ற அடையாளங்களைப் புகைப்படத்தோடு சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே நிலைதான். ஆனால் என் சைக்கிள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது, அன்று பூட்டவில்லை. மேலே உள்ள மின்னஞ்சலையே "பூட்டியிருந்தேன்" என்று அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்களுடையது இதே நிலை அல்ல. பூட்டாததைப் பூட்டினேன் என்று எழுதினால், கிடைத்திருக்கக்கூடிய பகுதியும் போய், பாலிசியே ரத்தாக வாய்ப்புண்டு. பூட்டு எங்கே, சாவி எங்கே, வாங்கிய ரசீது எங்கே என்று அடுத்த வாரமே கேட்பார்கள். உங்கள் வழக்கில் கேள்வி வேறு: எல்லோரும் நடமாடும் மாடிப்படி உங்கள் பாலிசியின்படி வீட்டுக்குள் சேருமா, வெளியிடமா? வாசற்கதவு பூட்டியிருந்ததா, அதை உடைத்த தடயம் உண்டா என்பதையும் பார்ப்பார்கள். பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பூட்டாமல் இருந்ததை ஒரே வாக்கியத்தில், சாக்குச் சொல்லாமல் எழுதுங்கள். நிராகரிப்பு வந்தாலும், எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேட்கும் உரிமையாவது உங்களிடம் மிஞ்சும்.

கேள்வி: நூலகக்காரன்தான் மேடம் மீண்டும். நீங்கள் சொன்னபடி மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். புகார் நகலை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். நிறுத்திய நேரம் 4.40 என்று இருக்கிறது. நான் பதற்றத்தில் அப்படிச் சொன்னேனோ, அவர்கள் தவறாகக் கேட்டார்களோ, நினைவில்லை. பேசாமல் இருந்துவிடட்டுமா?

பதில்: இருக்க வேண்டாம். அவர்களாகக் கண்டுபிடித்தால் அது முரண்பாடு, நீங்களாகச் சொன்னால் திருத்தம். இன்றே காவல் நிலையத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையொப்பம் வாங்குங்கள். பிறகு நிறுவனத்துக்கு, "புகாரில் 4.40 என்று பதிவாகியுள்ளது, 4.12 மணிச் செய்தியின்படி சரியான நேரம் 4.10, திருத்தக் கோரிய மனுவின் நகலை இணைத்துள்ளேன்" என்று எழுதுங்கள். யார் தவறு என்று நினைவில்லாதபோது அதைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.