திரையில் 120, கேமில் திக்கல்: எந்த எண்ணை நம்புவது?

"என் போன் 120 ஹெர்ட்ஸ். டெவலப்பர் ஆப்ஷனில் Show refresh rate போட்டிருக்கிறேன், கேம் ஆடும்போதும் 120 என்றுதான் காட்டுகிறது. ஆனால் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. எது உண்மை?"

இரண்டுமே உண்மைதான். அந்த எண், திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. கேம் எத்தனை ஃப்ரேம் வரைந்தது என்று அதற்குத் தெரியாது. கேம் 40 ஃப்ரேம்தான் தந்தாலும், திரை அதே படத்தைத் திரும்பக் காட்டிக்கொண்டு 120-லேயே இருக்கும்.

கேமின் கணக்கைப் பார்க்க, திரைக்கு மேலேயே எண்ணைக் காட்டும் TakoStats மாதிரி ஓவர்லே ஆப் வேண்டும். அது Shizuku என்ற இன்னொரு ஆப் வழியாக இயங்கும். ஆண்ட்ராய்டு 11-லிருந்து Wireless debugging-ஐ ஆன் செய்து, கம்ப்யூட்டர் இல்லாமலே Shizuku-வைத் தொடங்கலாம். ரூட் செய்யாத போனில், ரீஸ்டார்ட் ஆன பிறகு பொதுவாக அதை மறுபடி தொடங்க வேண்டும். பலரும் இதை மறந்துவிட்டு "ஓவர்லே வரவில்லை" என்பார்கள். அளக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் வேண்டாம். இரண்டும் போனைச் சூடாக்கிக் கணக்கைக் கெடுக்கும்.

சரி, ஓவர்லே 55 காட்டுகிறது என்று வையுங்கள். அது ஒரு நொடியின் சராசரி. ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 18 மில்லிசெகண்டில் வந்திருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 54 ஃப்ரேம் தலா 16.7 மில்லிசெகண்டில் வந்து, ஒன்று மட்டும் 100 மில்லிசெகண்ட் எடுத்திருந்தாலும் அதே 55தான் வரும். நீங்கள் திக்கல் என்று சொல்வது அந்த ஒற்றை ஃப்ரேமைத்தான். அதனால், பதிவைக் கிராஃபாகத் தரும் கருவி இருந்தால், எஃப்பிஎஸ் கோட்டை விட, ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்த நேரத்தைக் காட்டும் ஃப்ரேம் டைம் கோட்டை முதலில் பாருங்கள்.

அதில் ஊசி மாதிரி தனித்தனியாக எழும்பினால், அதே இடத்தை உடனே இன்னொரு முறை ஆடிப் பாருங்கள். இரண்டாம் முறை ஊசி இல்லையென்றால், முதல் தடவை ஏதோ லோட் ஆன நேரம் அது. செட்டிங்ஸைக் குறைத்தும் பெரிய பயன் இருக்காது. ஆரம்பத்திலிருந்தே எஃப்பிஎஸ் கோடு 40-ல் மட்டமாகப் போனால், கேமின் வரம்பே அதுவாக இருக்கலாம், கிராஃபிக்ஸ் மெனுவைத் திறந்து பாருங்கள்.

என் போனில் ஒரு கேம் பத்து நிமிஷம் 60-ல் ஓடி, அப்புறம் படி இறங்கினாற்போல் 45-க்கு வந்து அங்கேயே நின்றது. பத்து நிமிஷம் ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு அதே இடத்தை ஆடினேன், மறுபடி 60. சூடுதான் காரணம். ரெசல்யூஷனை ஒரு படி குறைத்ததும் அந்த இறக்கம் வரவில்லை.