ஐ.சி.டி. கருவியின் ஷாக்கை நிறுத்துவதால் உயிர் உடனே போய்விடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, இதயச் செயலிழப்பு. சில வருடங்களுக்கு முன் நெஞ்சில் ஐ.சி.டி. என்னும் ஷாக் கொடுக்கும் கருவி வைத்தார்கள். இனி மருந்துகள் பெரிதாகப் பலன் தராது என்று சொன்ன டாக்டர், ஷாக்கை மட்டும் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கச் சொல்கிறார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். நிறுத்தினால் உடனே உயிர் போய்விடுமா? நாங்களே கொன்றது போல் ஆகாதா?

பதில்:

உடனே போகாது. நிறுத்திய அந்த நிமிடத்தில் உங்கள் அப்பாவுக்கு எந்த மாற்றமும் தெரியாது. நான் கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு வீடாகச் சென்று வலிநிவாரணப் பராமரிப்பு தரும் குழுவில் செவிலியராக இருக்கிறேன். இதே கேள்வியைப் பல வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கருவியைப் ‘பேஸ்மேக்கர்’ என்றே சொல்கிறார்கள். பயம் அங்கிருந்துதான் வருகிறது. அதை நிறுத்தினால் இதயமே நின்றுவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி தனித்தனியாக இரண்டு வேலைகள் செய்கிறது. துடிப்பு மிகவும் குறைந்தால், உடம்புக்கே தெரியாத அளவு சிறிய மின்தூண்டல் கொடுத்து ஓட வைப்பது ஒன்று, இதைத்தான் பேசிங் என்பார்கள். இதயத்தின் கீழறை கட்டுக்கடங்காமல் துடித்தால், முதலில் வேகமான சிறு தூண்டல்களால் அடக்கப் பார்த்து, முடியாவிட்டால் பெரிய ஷாக் கொடுப்பது மற்றொன்று. டாக்டர் நிறுத்தலாமா என்று கேட்பது இந்த இரண்டாவது வேலையை மட்டும்தான். முதல் வேலை அப்படியே தொடரும். மூன்று கம்பிகள் உள்ள சி.ஆர்.டி. வகைக் கருவியாக இருந்தால், இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் துடிக்க வைக்கும் வேலை அவருடைய மூச்சுத் திணறலைக் குறைத்துக்கொண்டிருக்கும். அதில் கை வைக்கவே கூடாது. டாக்டரிடம் “பேசிங் தொடரும், ஷாக் மட்டும் நிற்கும், அப்படித்தானே?” என்று ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு நாள் உயிரைக் காத்த ஷாக் இப்போது ஏன் வேண்டாம்? கருவி வைத்த காலத்தில் அப்பாவுக்கு இருந்த ஆபத்து திடீர் மரணம். இதயம் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தபோது துடிப்பு மட்டும் தடம் புரண்டால், ஒரு ஷாக் அவரை மறுபடியும் வாழ வைத்திருக்கும். கடைசிக் கட்டத்தில் கதை வேறு. இதயத்துக்கு இறைக்கும் சக்தி போய்விடுகிறது, சிறுநீரகம் தளர்கிறது, இரத்தத்தில் பொட்டாசியமும் அமிலத் தன்மையும் மாறுகின்றன. துடிப்பு அடிக்கடி தாறுமாறாவது அதன் விளைவுதான். கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. தாறுமாறான துடிப்பைக் கண்டால் சில நொடிகளில் தன்னை ஏற்றிக்கொண்டு ஷாக் கொடுக்கும். அடங்காவிட்டால் மறுபடியும் கொடுக்கும். ஷாக் துடிப்பைச் சரிசெய்தாலும் தளர்ந்த இதயம் தளர்ந்ததாகவே இருக்கும், சற்று நேரத்தில் அதே துடிப்பு திரும்ப வரும். நினைவோடு இருப்பவருக்கு அது மார்பில் யாரோ ஓங்கி உதைத்தது போல் இருக்கும்.

புதுச்சேரி ஓரத்தில் ஒரு வீட்டில் அதை நேரில் பார்த்தேன். எங்களைக் கூப்பிட்டதே கடைசி இரவில்தான். அதற்கு முன் எத்தனையோ முறை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஆனால் ஷாக்கைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பெரியவர் மகள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். ஒவ்வொரு ஷாக்குக்கும் உடம்பு தூக்கிப்போட்டு, கட்டிலின் கால் சுவரில் மோதும். பக்கத்து ஸ்டூலில் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டு விழுந்தது. அவர் கண்ணைத் திறந்து அடுத்தது எப்போது வரும் என்று பார்ப்பார். அப்படிப்பட்ட நேரத்தில் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு லேசாகச் சுரீரென்று இருக்குமே தவிர ஆபத்து இல்லை. ஆனால் அது தெரியாததால் மகள் பயந்து கையை எடுத்துக்கொண்டார். தகப்பன் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட முடியாத அந்த இரவை எந்தக் குடும்பத்துக்கும் வர விடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இது சரியாக நடந்த வீடு நெல்லிக்குப்பத்தில் இருக்கிறது. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குறுகிய காலத்துக்குள் மூச்சுத் திணறலோடு மூன்றாவது முறையாக மருத்துவமனை போய் வந்திருந்தார். இரத்த அழுத்தம் தாழ்ந்து போனதால், இதய மருந்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சட்டை போட்டுக்கொள்ளவே மூச்சு வாங்கியது. இவையெல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் ஷாக்கைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். மகன் என்னை வாசலிலேயே நிறுத்தி, “சிஸ்டர், அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவார்” என்றார். நான் உள்ளே போய் ஐயாவிடம், உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவரே ஆரம்பித்துவிட்டார். போன தீபாவளிக்கு முன் அந்தப் பெட்டி அடித்ததையும், அன்றிலிருந்து குளிக்கப் போகவே பயப்படுவதையும் சொன்னார். பிறகு, “ஒரு முறை காப்பாற்றியது, அந்தக் கடன் தீர்ந்தது. சாகிற நேரத்தில் அடி வேண்டாம் அம்மா” என்றார். வீட்டில் யாருக்கும் தெரியாத பயம் அது.

அவருடைய மனைவி உங்கள் அம்மா கேட்டதையே கேட்டார். இதய மருத்துவர் அவரிடம் சொன்னது இதுதான்: ஷாக்கை நிறுத்துவதால் யாரும் சாவதில்லை, நோய்தான் உயிரை எடுக்கும். வயதான ஒருவர் டயாலிசிஸ் இனி வேண்டாம் என்று சொல்வதைப் போல, பலனைவிட வேதனை அதிகமான ஒரு சிகிச்சையை விலக்குகிறோம். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. நிறுத்திய பிறகு அந்தக் கெட்ட துடிப்பு வந்தால் அதைத் தடுக்க ஒன்றும் இருக்காது, தூக்கத்திலேயே கூடப் போகலாம் என்பதையும் சொன்னார். மனம் மாறினால் அதே முறையில் மறுபடியும் இயக்கிவிடலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அந்த அம்மாவைத் தேற்றியது.

நிறுத்துவதற்கு அறுவை சிகிச்சை, ஊசி எதுவும் வேண்டாம். கருவியைப் பரிசோதிக்கும் கிளினிக்கில், புரோகிராமர் என்னும் லேப்டாப் போன்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் கைக்கருவியைச் சட்டைக்கு மேலேயே வைத்தார் தொழில்நுட்பர். திரையில் ஷாக் சிகிச்சைகளை ‘ஆஃப்’ என்று மாற்றி, பேசிங் அப்படியே இருப்பதை மருத்துவரிடம் காட்டி, ஒரு தாள் அச்சிட்டுக் கொடுத்தார். சில நிமிட வேலை. கேஸ் ஷீட்டில் நோயாளியின் விருப்பம், யார் முன்னிலையில், எந்தத் தேதியில் என்று எழுதப்பட்டது. பிறகு அவர் வாரக்கணக்கில் வீட்டில் இருந்தார். மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் கொடுத்தோம். 2.5 மில்லிகிராமில் தொடங்கி, சிறுநீரகம் பலவீனமாக இருந்ததால் இடைவெளியை அதிகமாக்கி, மலச்சிக்கல் வராமல் கூடவே அதற்கும் மருந்து கொடுத்தோம். நீர் இறங்கும் மாத்திரையை நிறுத்தவில்லை, அது கடைசிவரை மூச்சுக்கு உதவும். முகத்துக்கு நேராக ஒரு சிறிய மேசை மின்விசிறியும் வைத்தோம், பலருக்கு அது ஆக்ஸிஜனைவிட ஆறுதல் தரும். ஷாக் இல்லாமலேயே போனார்.

கிளினிக் போக முடியாத நிலை திடீரென்று வந்துவிடலாம். அதற்காக ஒரு வளைய வடிவக் காந்தத்தை இப்போதே மருத்துவமனையில் கேட்டு வாங்கி வையுங்கள். கருவிக்கு நேர் மேலே வைத்து டேப் போட்டு ஒட்டினால், பெரும்பாலான கருவிகளில் ஒட்டியிருக்கும்வரை ஷாக் வராது. எடுத்தால் மறுபடியும் வரும். ஐ.சி.டி.யில் காந்தம் பொதுவாகப் பேசிங்கை மாற்றாது. சில கருவிகளைக் காந்தத்துக்குக் கட்டுப்படாதபடி அமைத்திருப்பார்கள், ஆகவே அப்பாவின் கருவி எப்படி என்று முன்கூட்டியே கேளுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் போதாது.

அப்பா தெளிவாகப் பேசும் நாட்களிலேயே இதை முடிவு செய்வது சட்ட ரீதியாகவும் சுலபம். நிதானமான மனநிலையில் உள்ள வயது வந்த ஒருவர் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கௌரவத்தோடு வாழும் உரிமையின் பகுதியாக உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டது. பேச முடியாமல் போன பிறகு என்றால், உயிர் காக்கும் சிகிச்சையை விலக்க மருத்துவர்களின் முதல் குழுவும் இரண்டாவது குழுவும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதற்குள் அந்த இரவு வந்துவிடலாம். முன்கூட்டிய மருத்துவ உயில் எழுதும் முறையை 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும், மாஜிஸ்திரேட் முன் போக வேண்டாம். அதில் ஷாக்கைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், “பேசிங் தொடரலாம், ஷாக் வேண்டாம்” என்று. தன்னால் முடியாதபோது யார் பேச வேண்டும் என்ற பெயரும் இருக்கட்டும். வெளிநாட்டு மகனைவிடப் பக்கத்தில் இருக்கும் மருமகள் பேசுவது நல்லது என்று அப்பாவுக்குத் தோன்றினால், அதை அவரே எழுதட்டும்.

கடைசியாக, சங்கடமானாலும் சொல்லியாக வேண்டியது. தகனம் செய்வதாக இருந்தால் கருவியை அதற்கு முன் எடுத்துவிட வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கலாம், விறகுச் சிதையானாலும் மின் தகன மேடையானாலும் இதுதான் நிலை. ஷாக் நிறுத்தப்படாத கருவியை எடுக்கும்போது, கம்பியை வெட்டும்போது உண்டாகும் மின் சலனத்தைத் தவறான துடிப்பு என்று நினைத்து, எடுப்பவர் கையிலேயே ஷாக் கொடுக்கலாம். ஆகவே நிறுத்தியதற்கான அச்சுத் தாளைக் கருவி அட்டையோடு ஒரே கவரில் போட்டு, அம்மாவிடமும் உங்களிடமும் ஒவ்வொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.