கரண்ட் பில் கட்டுவது யார்?

அன்புள்ள ஐயா,
ஃபேன் தயாரிக்கும் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பி.எல்.டி.சி. ஃபேனின் அம்சங்கள் எக்செலில் 42 வரிகள் இருக்கின்றன. வாங்குபவருக்குப் பயன் புரியும்படி பத்து ஸ்லைடாக்கச் சொல்கிறார் மேனேஜர். ஒவ்வொரு அம்சத்தையும் எப்படிப் பயனாக எழுதுவது? தமிழிலா, ஆங்கிலத்திலா? எந்த டெம்ப்ளேட் நல்லது? ஷீட்டை இணைத்திருக்கிறேன்.
க.

அன்புள்ள க.,

டெம்ப்ளேட் எதுவானாலும் சரி. வாங்குபவர் எதில் பேசுவாரோ அதில் எழுதுங்கள்.

ஷீட்டில் ‘30 வாட்’ என்பதற்குப் பக்கத்தில் ‘கரண்ட் பில் பாதியாகும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டில் இப்படி நடக்கும்? ஏ.சி., மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் சும்மாவா ஓடுகின்றன? ஃபேனுக்கு ஆகும் செலவுதான் குறையும். அதுவும் யாருக்கு?

ஒருமுறை ஒரு பில்டர் அலுவலகத்தில் ஃபேன் விற்க வந்தவர் மின்சேமிப்பு பற்றி மூச்சுவிடாமல் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பர்ச்சேஸ் மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பில் குடிவருகிறவர் கட்டுவார். ரிமோட் தொலைந்தால் போன் எனக்குத்தானே வரும்?" என்றார். வந்தவரிடம் பதில் இல்லை. உங்கள் ஷீட்டில் இருக்கிறது, 37-வது வரியில்: சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டே வேகத்தை மாற்றலாம். பில்டருக்கு அதுதான் முதல் ஸ்லைடு: ‘ரிமோட் தொலைந்தாலும் உங்களுக்கு போன் வராது.’ அம்சம் அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ஆதாரமாக.

அதனால் எக்செலில் முதலில் ‘யாருக்கு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். 42-ல் பாதி யாருக்குமே இல்லை என்று தெரியும். அவை கடைசிப் பக்க அட்டவணைக்குப் போகட்டும்.

அந்த 30 வாட் ஹாஸ்டல் முதலாளிக்கானது, ஏனென்றால் பில் கட்டுவது அவர். பழைய ஃபேன் 75 வாட் என்றால் மிச்சம் 45. நூறு ஃபேன், தினம் 12 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 54 யூனிட் மிச்சம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 13,000 ரூபாய். ஃபேனுக்கு 1,200 ரூபாய் கூடுதல் விலை என்றால் பத்தாவது மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஸ்லைடில் அந்த ஒரு வரி போதும்: ‘கூடுதலாகக் கொடுத்த பணம் பத்தாவது மாதத்தில் திரும்பும்.’

ஆனால் யூனிட் விலையை அவருடைய பில்லிலிருந்தே எடுங்கள். 75 வாட் என்பது முழு வேகத்தில்தான். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இரண்டில் ஓடும் ஃபேன் அவ்வளவு இழுக்காது. விடுமுறையில் அறைகள் பூட்டியிருக்கும். ஒரு வாட் மீட்டரை எடுத்துப்போய் அவர் கண்முன்னே அளந்துவிட்டுக் கணக்கைப் போடுங்கள். மாதம் பதினைந்தானாலும் அவர் வாங்கலாம். பத்து என்று சொல்லிப் பதினைந்தானால் அடுத்த கட்டடத்துக்குக் கூப்பிட மாட்டார்.

‘140–285 வோல்ட்’ வரியைக் கிராமத்துக் கல்யாண மண்டபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ‘மாலையில் வோல்டேஜ் இறங்கினாலும் காற்று குறையாது.’ நகரத்து ஐ.டி. அலுவலகத்தில் அதைக் காட்டாதீர்கள்.