கடிதத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கட்டும்

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. தினமும் நான்கு மணி நேரம் படிக்க வேண்டும், வீட்டு வேலையில் உதவ வேண்டும், போன் அரை மணி நேரம்தான் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் ஒரு கடிதமாக எழுதி, இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று நினைக்கிறேன். எப்படி எழுதுவது?

பதில்:

சகோதரி, கடிதம் நல்ல யோசனை. ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மகன் நாலரை மணிக்கு வீட்டுக்கு வருகிறான், காலை ஆறரைக்கு எழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. குறைந்தபட்சமான 8 மணி நேரம் என்றாலே பத்தரைக்குள் படுத்தாக வேண்டும். கையில் இருப்பது ஆறு மணி நேரம். வந்ததும் முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, சும்மா உட்கார ஒரு மணி நேரம் போய்விடும். விளையாட்டுக்கு முக்கால் மணி, இரவுச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி, வீட்டு வேலைக்கு அரை மணி, போனுக்கு ஒரு மணி. கூட்டினால் நான்கு மணி நேரம். படிக்க மிச்சம் இரண்டே மணி நேரம்தான்.

நீங்கள் எழுதியது நான்கு. அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரம் எங்கேயிருந்து வரும்? தூக்கத்திலிருந்து வரும், இல்லையென்றால் புத்தகத்துக்கு அடியில் போன் வரும். முதல் நாளே கணக்கு உதைத்ததால்தான் அட்டவணை விழுந்திருக்கிறது. அதை அவனுடைய சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால் முதல் ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எந்த நேரத்தில் என்ன செய்கிறான் என்று அவனே ஒரு தாளில் குறித்து வரட்டும். போன் எவ்வளவு நேரம் என்பதை ஆண்ட்ராய்டில் Digital Wellbeing, ஐபோனில் Screen Time காட்டிவிடும். உங்கள் போனையும் திறந்து காட்டுங்கள். எண்கள் மேசைக்கு வந்துவிட்டால் “எப்பப் பாரு போன்” என்ற வாக்கியத்துக்கே வேலை இருக்காது.

அப்புறம் கடிதம். என் மகளுக்குப் பதினான்கு வயதில் நானும் ஒன்று எழுதினேன். பதினொரு விதிகள், எல்லாமே அவள் செய்ய வேண்டியவை. மரியாதைக்கு வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். இரண்டாம் முறை பாதி வரிகளை நிரப்பாமல் கொடுத்தேன். அன்று ராத்திரியே பென்சிலோடு வந்து உட்கார்ந்தாள். உங்களுடையது இப்படித் தொடங்கலாம்:

“கண்ணா, நான் ஒட்டிய அட்டவணையில் தவறு இருந்தது. உன் நாளில் இல்லாத நேரத்தைக் கேட்டுவிட்டேன். இப்போது இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன். எந்த நேரம் உனக்குச் சரிப்படும்? முதலில் எந்தப் பாடம்? கோடு போட்ட இடத்தில் நீ எழுது. பத்தரைக்குத் தூங்குவதை மட்டும் நான் மாற்ற மாட்டேன். மற்றதைப் பேசலாம்.”

எதைப் பேசலாம், எதைப் பேச முடியாது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட வேண்டும். முடிவாகிவிட்ட விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படிப்புக்கான வரியில் “கணக்கு ஒரு மணி நேரம்” என்று எழுதாதீர்கள். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தாலே அது நிறைவேறிவிடும். “இன்று நடத்திய பயிற்சியில் 6 கணக்குகள், விடையைப் பார்க்காமல்” என்று இருந்தால், முடிந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியும். அறிவியல், வரலாறு என்றால் ஒரு பகுதியைப் படித்து, புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதி, விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பார்க்கட்டும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து தேர்வில் வராமல் போவது இதனால்தான். மகனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அதே இரண்டு மணி நேரத்தில் அதிகம் நினைவில் நிற்கும் வழி இது.

வீட்டு வேலையில் “உதவி” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உதவி என்றால் ஒவ்வொரு நாளும் நீங்கள் கூப்பிட வேண்டும், அவன் “இதோ வரேன்” என்பான், அங்கேயே சண்டை ஆரம்பம். ஒரே ஒரு வேலை, தொடக்கமும் முடிவும் அவனுடையதாக இருக்கட்டும். இரவுப் பாத்திரங்கள் என்றால் கழுவி, கவிழ்த்து, தொட்டியைத் துடைத்து, ஈரத்துணியைக் காயப்போடுவது வரை. முதல் இரண்டு நாள் பக்கத்தில் நின்று செய்துகாட்டுங்கள். பிறகு அவன் கழுவியதை எடுத்து மறுபடி கழுவாதீர்கள். தேர்வு வாரத்தில் அந்த வேலையை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

போன் விஷயத்தில் எத்தனை நிமிடம் என்பதைவிட எப்படி முடிகிறது என்பதில்தான் தகராறு வருகிறது. உங்கள் குரலால் முடிந்தால் தினமும் நீங்கள்தான் வில்லி. சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம், ஏழேகாலிலிருந்து எட்டேகால் வரை, போனுக்கு என்று வைத்தால் தட்டு போடுவதே முடிவாகிவிடும். ஒன்று கவனியுங்கள்: குழுவாக ஆடும் விளையாட்டுகளில் பாதியில் எழுந்துபோக முடியாது, கூட ஆடுபவர்கள் திட்டுவார்கள். ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று அவனையே கேளுங்கள். இருபது நிமிடம் என்றால், 7.55-க்குப் பிறகு புது ஆட்டம் தொடங்குவதில்லை என்று எழுதுங்கள். பாடத்துக்காகப் போன் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது, ஆனால் அது கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதாக இருக்கட்டும். இரவில் எல்லார் போனும், உங்களுடையதும், கூடத்தில்தான் சார்ஜ் ஆக வேண்டும். “அலாரம் அதில்தான் இருக்கு” என்பான். ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மீறினால் என்ன என்பதைக் கோபம் இல்லாத நேரத்தில் அவனே சொல்லட்டும். பிள்ளைகள் பெரும்பாலும் நம்மைவிடக் கடுமையான தண்டனை சொல்வார்கள்; நீங்கள்தான் குறைக்க வேண்டியிருக்கும். இருபது நிமிடம் கூடினால் மறுநாள் இருபது நிமிடம் குறையும், அத்தோடு சரி. ஒரு வாரத்துக்குப் போனைப் பிடுங்கினால் மிச்ச ஆறு நாள் ஒப்பந்தத்தைக் காப்பாற்ற அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது. பாத்திரம் கழுவுவதைத் தண்டனையாகக் கூட்டவும் வேண்டாம்.

உங்கள் பக்கமும் கடிதத்தில் வர வேண்டும். படிக்கும் நேரத்தில் கதவைத் திறந்து பார்க்க மாட்டேன், சாப்பிடும்போது என் போனை எடுக்க மாட்டேன், உறவினர்கள் முன்னால் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். இந்த மூன்றில் எதை மீறினாலும் உங்களுக்கு என்ன என்பதையும் அவனே எழுதட்டும்.

கடைசி வரியில் ஒரு தேதி போடுங்கள், சரியாக இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை. அன்று கால் மணி நேரம் உட்கார்ந்து, வேலை செய்யாத வரிகளை அடித்துத் திருத்துங்கள். ஒரே வரி நான்கைந்து நாள் தவறியிருந்தால் அந்த நேரமே அவனுக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு நேரம் பாருங்கள். இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டு, அடுத்த தேதியை எழுதுங்கள்.